கருத்தரிப்பு ஊசிக்குப் பின் வயிறு உப்பி, எடை கூடி, மூச்சு வாங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டை எடுத்து இரண்டு நாள்தான் ஆகிறது, வயிறு கல் மாதிரி இருக்கிறது. இது சாதாரணம்தானா?

பெரும்பாலும் சாதாரணம்தான். ஆனால் உங்களுக்கும் அப்படித்தானா என்பதை அடுத்த சில நாட்கள் பார்த்துத்தான் சொல்ல முடியும். கருத்தரிப்பு மையம் ஒன்றில் செவிலியராக வேலை செய்கிறேன். இரவு நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பது என் பொறுப்பு. அவற்றில் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்வி. அதைத் தொடர்ந்து வரும் மற்ற சந்தேகங்களும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வருவதால், அவற்றை எழுதி வைப்பது பயன்படும் என்று தோன்றியது.

வழக்கமாக மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சினைப்பை, ஊசிகளுக்குப் பிறகு, முட்டை வளரும் சிறு நீர்ப்பைகளான ஃபாலிக்கிள்கள் பலவற்றைச் சுமந்து ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்கோ அதற்கு மேலோ வளர்ந்துவிடுகிறது. முட்டையை உறிஞ்சி எடுத்த பிறகும் அந்தக் குழிகள் மூடிவிடுவதில்லை. அவற்றில் மறுபடியும் நீர் சேர்கிறது. ஆகவே இடுப்புத் துணி இறுக்குவதும், அடிவயிறு கனப்பதும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்ததுபோல் இருப்பதும் எதிர்பார்க்கக்கூடியவையே. ஐவிஎஃப் சிகிச்சை எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு லேசான அளவில் இது வருகிறது; தானாகவே சரியாகிவிடுகிறது. கவனிக்க வேண்டியது, நாளுக்கு நாள் இந்த உப்பல் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா, கூடுகிறதா என்பதைத்தான்.

சினைப்பை மிகைத்தூண்டல் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அந்தத் தண்ணீர் உங்கள் இரத்தத்திலிருந்தே வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பதில்கள் அனைத்தும் எளிதாக விளங்கும். தூண்டப்பட்ட சினைப்பை, ஹெச்சிஜி என்னும் ஹார்மோன் பட்டதும், விஇஜிஎஃப் என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இந்தப் புரதம் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய நீரும், அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஆல்புமின் என்ற புரதமும் சுவர் வழியாகக் கசிந்து வயிற்றுக்குழியில் தேங்குகின்றன. கசிவு அதிகமானால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள்ளும் நீர் கோக்கிறது.

இதனால் உடலில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நிலைமைகள் உண்டாகின்றன: வயிறு நீரால் நிரம்புகிறது, இரத்தக் குழாய்களுக்குள் நீர் வற்றுகிறது. இரத்தம் கெட்டிப்படுகிறது, சிறுநீரகத்துக்குப் போதிய ஓட்டம் கிடைக்காமல் சிறுநீர் குறைகிறது, கெட்டியான இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது. வெளியே தெரிவது வயிறு என்றாலும், ஆபத்து முதன்மையாக இரத்தக் குழாய்களுக்குள் நடப்பதில் இருக்கிறது. ஓஹெச்எஸ்எஸ் என்று அறிக்கைகளில் சுருக்கி எழுதப்படுவது இந்த நிலைதான்.

ஊசி போட்ட பத்து நாளும் நன்றாகவே இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு ஏன் வருகிறது?

தினசரி ஊசிகள் ஃபாலிக்கிள்களை வளர்க்க மட்டுமே செய்கின்றன. மேலே சொன்ன கசிவைத் தொடங்கி வைப்பது ஹெச்சிஜி. அதாவது முட்டை எடுப்பதற்கு ஏறத்தாழ 36 மணி நேரம் முன்பு குறித்த நேரத்தில் போடப்படும் ட்ரிகர் ஊசி. ஆகவே நாட்களை முட்டை எடுத்த நாளிலிருந்து எண்ணாமல், ட்ரிகர் போட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். அந்தத் தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ட்ரிகருக்குப் பின் முதல் ஒன்பது நாட்களுக்குள் தொடங்குவது முன்வகை. அது அந்த ஊசியில் இருந்த ஹெச்சிஜியின் விளைவு. ஊசியின் வீரியம் குறையக் குறைய அதுவும் அடங்கும். பத்தாம் நாளிலோ அதற்குப் பின்போ தொடங்குவது பின்வகை. அங்கே ஹெச்சிஜி உங்கள் உடலுக்குள்ளேயே உருவாகிறது, ஏனென்றால் கரு பதிந்து கர்ப்பம் தொடங்கிவிட்டது. கர்ப்ப ஹார்மோன் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவதால் பின்வகை பெரும்பாலும் கடுமையாகவும், நீண்ட நாட்களும் இருக்கும்.

எனக்கு வரும் என்று முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா?

ஓரளவு உண்டு. சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள் நிறைந்திருக்கும் பிசிஓஎஸ் என்ற நிலை உள்ளவர்கள், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் அளவு அதிகமாக இருப்பவர்கள், முதல் ஸ்கேனிலேயே இரு பக்கமும் நிறைய சிறு ஃபாலிக்கிள்கள் தெரிந்தவர்கள், வயதில் இளையவர்கள், ஒல்லியானவர்கள், முன்பு ஒரு முறை இதே தொல்லையைப் பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பதினைந்து, இருபது என்று நிறைய முட்டைகள் கிடைத்தால் வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சி அடைகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையே அடுத்த இரண்டு வாரங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதற்கான அறிவிப்பும் ஆகும். இவற்றுள் எதுவும் இல்லாதவர்களுக்கும் அரிதாக வருவதுண்டு.

எடை எவ்வளவு கூடினால் கவலைப்பட வேண்டும்?

24 மணி நேரத்தில் ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடினால் அன்றைக்கே மையத்தை அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேர்வது நடக்கிற காரியம் அல்ல, அது நீர்தான். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை என்பதால், எடைக்கருவியின் முள் உங்கள் வயிற்றில் எவ்வளவு நீர் தேங்கியது என்பதை ஏறக்குறைய நேரடியாகவே காட்டிவிடுகிறது.

எடையை எடுக்கும் முறையில் தவறு நேர்ந்தால் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் குடிப்பதற்கு முன், அதே மெல்லிய உடையில், அதே கருவியில், கருவியைத் தரையில் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். முட்டை எடுத்த நாள் காலையிலேயே முதல் எடையை எடுத்து வைத்திருந்தால் மிக நல்லது. பிறகு மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு நேராக அளவு நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் வயிற்றின் சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நாடா ஒவ்வொரு நாளும் வெவ்வேறு உயரத்தில் சுற்றப்படுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. தொப்புளின் இரு பக்கமும் பேனாவால் சிறு புள்ளி வைத்துக்கொண்டால் அது நேராது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது சிறுநீர். அளவுக் கோடு போட்ட ஒரு குவளையில் பிடித்து, நாள் முழுவதும் சேர்ந்த அளவை எழுதுங்கள். ஒரு நாள் மொத்தமும் அரை லிட்டரை எட்டவில்லை என்றாலும், நிறம் அடர்ந்துகொண்டே போனாலும், எடை கூடாவிட்டாலும்கூட அழையுங்கள். முந்நூறு மில்லிலிட்டருக்கும் கீழே போவதை மருத்துவர்கள் கடுமையான நிலைக்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது.

மூச்சு வாங்குகிறது. பதற்றம்தான், நன்றாக மூச்சை இழுத்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதற்றம் என்று முடிவு செய்யும் உரிமையை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மிகைத்தூண்டலில் மூச்சுத் திணறலுக்கு உடல் ரீதியான காரணங்கள் இரண்டு உண்டு. வயிற்றில் தேங்கிய நீர் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் போதவில்லை. அல்லது நுரையீரலைச் சுற்றியே நீர் கோத்திருக்கிறது. பெரும்பாலும் வலப் பக்கம். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது, அது எல்லாவற்றையும்விடக் கொடியது: நுரையீரல் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வது. மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது.

ஆகவே தொலைபேசியில் அழைப்பவர்களிடம் நான் "மூச்சு வாங்குகிறதா" என்று மட்டும் கேட்பதில்லை. "நேற்று இரவு எத்தனை தலையணை வைத்தீர்கள், அதற்கு முந்தைய நாள் எத்தனை" என்று கேட்பேன். "முந்தாநாள் ஒன்று, நேற்று இரண்டு, இன்று சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் கேள்வி தேவையில்லை. கிளம்பி வரச் சொல்லிவிடுவேன். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா என்பதும் நல்ல சோதனை. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி வீட்டில் இருந்து, அது நல்ல எண்ணைக் காட்டினாலும், மூச்சுத் திணறல் இருக்குமானால் அந்த எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

எந்தெந்த அறிகுறிக்கு அழைத்தால் போதும், எதற்கு நேராக மருத்துவமனைக்கே கிளம்ப வேண்டும்?

நேற்றைவிட இன்று உப்பல் கூடியிருப்பது, நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ எடை, சுற்றளவு தொடர்ந்து கூடுவது, சிறுநீர் குறைவது, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு அதே நாளில் மையத்தை அழைக்க வேண்டும். அவர்கள் அன்றே ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டியவை வேறு. உட்கார்ந்திருக்கும்போதோ படுக்கும்போதோ மூச்சுத் திணறுவது, நெஞ்சு வலி, மயக்கம், எது குடித்தாலும் வாந்தியாகி வயிற்றில் தங்காமல் போவது, பல மணி நேரமாகச் சிறுநீரே வராமல் இருப்பது, தாங்க முடியாத வயிற்று வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கழுத்திலோ கையிலோ புதிதாக வீக்கம், திடீரென வரும் கடும் தலைவலி அல்லது பார்வை, பேச்சு, கை கால் அசைவில் மாற்றம் ஆகிய எதுவாக இருந்தாலும் அது அவசர நிலை. நள்ளிரவில் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்கி விடியும்வரை காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள்; இரவில் எங்களை எழுப்புவதற்காகவே அந்த எண் தரப்பட்டிருக்கிறது.

உடம்பில்தான் தண்ணீர் நிறைய இருக்கிறதே, குடிப்பதைக் குறைத்தால் வயிறு வற்றாதா?

வற்றாது, நிலைமை மோசமாகும். இரண்டாம் பதிலில் சொன்னதுபோல் குழாய்களுக்குள் ஏற்கெனவே வறட்சி. குடிப்பதை நிறுத்தினால் வயிற்று நீர் திரும்பி உள்ளே வராது, இரத்தம் இன்னும் கெட்டியாகும், சிறுநீர் இன்னும் குறையும்.

அதற்காக நேர் எதிராகப் போய், நாளுக்கு நான்கைந்து லிட்டர் வெறும் தண்ணீரைக் கட்டாயமாக விழுங்குவதும் சரியல்ல. இந்த நிலையில் இரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே குறையக்கூடும். உப்பில்லாத நீர் அதை மேலும் நீர்க்கச் செய்யும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், ஒரு நாளில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் பெரும் பகுதி ஓஆர்எஸ் போன்ற உப்புக்கரைசலாக இருக்கட்டும். ஒரே மூச்சில் ஒரு பெரிய குவளையைக் குடித்தால் குமட்டலில் வெளியே வந்துவிடும் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டு மூன்று வாய் வீதம் குடிப்பது நல்லது. புரதம் நிறையச் சாப்பிட்டால் கசிவு நின்றுவிடும் என்று சொல்வார்கள். புரத உணவு நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் கசிவதற்குக் காரணம் குழாய்ச் சுவரின் தளர்ச்சி, உணவுக் குறைவு அன்று. ஆகவே அதை நம்பி எடை பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

வலிக்கு மாத்திரை போடலாமா? நீர் இறங்குவதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறதாமே?

வலிக்குப் பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாமல். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். ஓட்டம் குறைந்து ஏற்கெனவே சிரமப்படும் சிறுநீரகத்தை அவை மேலும் நெருக்கும்.

நீர் பிரிய வைக்கும் மாத்திரையை நீங்களாக எடுக்கவே கூடாது. இதயமோ கல்லீரலோ கெட்டு வரும் வீக்கத்துக்கு அது உதவலாம். இங்கே அது வயிற்றில் தேங்கிய நீரைத் தொடுவதில்லை. குழாய்க்குள் மிஞ்சியிருக்கும் கொஞ்ச நீரையும் சிறுநீராக வெளியேற்றிவிடுகிறது. குடும்பத்தில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை நல்லெண்ணத்தில் கொடுப்பவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அசையாமல் படுத்தே இருக்க வேண்டும் என்கிறார்கள். சரியா?

இல்லை. கெட்டியான இரத்தம் அசையாத கால்களில் உறைவது எளிது. வீட்டுக்குள் மெதுவாக நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலைச் சுழற்றுங்கள். ஆனால் குதிப்பது, ஓடுவது, பாரம் தூக்குவது, உடலை முறுக்கிச் செய்யும் ஆசனங்கள், உடலுறவு ஆகியவை சினைப்பை பழைய அளவுக்குத் திரும்பும்வரை வேண்டாம். கனத்த சினைப்பை தன் தண்டைச் சுற்றித் திருகிக்கொள்ளக்கூடும். அப்படித் திருகினால் வலி மெல்ல மெல்ல ஏறாது. ஒரு பக்கம் திடீரென வெட்டுவதுபோல் பிடிக்கும், உடனே வாந்தி வரும். சில நேரம் விட்டு விட்டு வரும். அது அறுவை சிகிச்சை அவசரம். தாமதித்தால் அந்தச் சினைப்பையையே இழக்க நேரிடலாம்.

முதல் வாரம் உப்பி, பிறகு வடிந்துவிட்டது. இப்போது கருமாற்றம் முடிந்த பின் மறுபடியும் உப்புகிறது. பழைய உப்பல்தானே?

இது பின்வகையாக இருக்கலாம். மிக எளிதாகக் கவனத்திலிருந்து நழுவுவது இதுதான். நான் கண்ட பலரின் கணக்கை ஒன்றாக்கி, ஒரே பெண்ணின் கதையாகச் சொல்கிறேன். பிசிஓஎஸ் உள்ள 29 வயதுப் பெண், ஹெச்சிஜி ட்ரிகர், பதினேழு முட்டைகள். ட்ரிகரிலிருந்து இரண்டாம் நாள், அதாவது முட்டை எடுத்த காலையில், எடை 58.2 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 74 சென்டிமீட்டர். ஐந்தாம் நாள் எடை 59.3, சுற்றளவு 77. லேசான குமட்டல் இருந்தாலும் சிறுநீர் நன்றாகப் போனது. ஏழாம் நாள் எடை 58.8 ஆக இறங்கியது. ஐந்து நாள் வளர்ந்த ஒரு கருவை அன்று கருப்பையில் வைத்தார்கள். அவரும் தொல்லை தீர்ந்தது என்று நினைத்து எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பதினோராம் நாள் மாலை இடுப்பு மறுபடி இறுகியது. "அன்றைக்கு வந்ததுதான், இரண்டு நாளில் வடியும்" என்று விட்டுவிட்டார். பன்னிரண்டாம் நாள் காலை எடை 60.1, அடுத்த நாள் 61.4, சுற்றளவு 83. முந்தைய நாள் முழுவதும் சேர்த்து மூன்று முறைதான் சிறுநீர், அதுவும் சிறிதளவு, அடர் நிறத்தில். இரவில் இரண்டு தலையணை. அப்போதுதான் அழைத்தார். பரிசோதனையில் ஹெமடோக்ரிட் 46 சதவீதம். சிகிச்சைக்கு முன் அவருக்கு அது 37. அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து அணுக்களின் பங்கு கூடியிருந்தது. 45-ஐத் தாண்டுவது கடுமையான நிலைக்கான அடையாளங்களுள் ஒன்று. ஆல்புமின் இறங்கியிருந்தது, வயிற்றில் நிறைய நீர், வலப்பக்க நெஞ்சில் கொஞ்சம் நீர், கர்ப்பப் பரிசோதனையில் ஹெச்சிஜி தென்பட்டது. அவரை உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் காலையிலும் அவர் எடை பார்த்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே தெரிந்திருக்கும். ஆகவே ஹெச்சிஜி ட்ரிகர் போட்டுப் புதிய கருவை வைத்தவர்கள், முதல் வார உப்பல் வடிந்துவிட்டாலும், கர்ப்பப் பரிசோதனை முடியும்வரையாவது, கர்ப்பம் உறுதியானால் மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை, எடை பார்ப்பதை நிறுத்த வேண்டாம். இடையில் வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து ஏமாறவும் வேண்டாம். ட்ரிகர் ஊசியின் ஹெச்சிஜி பத்து நாட்களுக்கு மேலும் உடலில் எஞ்சியிருந்து கோடு காட்டக்கூடும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? வயிற்றில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தால் கருவுக்கு ஆபத்து இல்லையா?

அந்தப் பெண்ணையே தொடர்கிறேன். தினமும் எடை, சுற்றளவு, குடித்த அளவு, சிறுநீர் அளவு எல்லாம் ஒரு தாளில் ஏறின. இரத்த நாளம் வழியாக உப்புநீரும், தேவையான அளவு ஆல்புமினும் ஏற்றினார்கள். உறைகட்டி வராமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசி தினமும் தோலுக்கடியில் போடப்பட்டது. இந்த ஊசியைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள்; அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குச் செல்வதில்லை என்பதால் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகவே கொடுக்கப்படுகிறது.

இரண்டாம் நாளும் மூச்சுத் திணறல் தணியாததால் வயிற்று நீரை எடுக்க முடிவு செய்தார்கள். இது ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே, பெருத்த சினைப்பையைத் தொடாமல், தோலை மரக்கவைத்து, மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யப்படுவது. கரு கருப்பைக்குள் இருக்கிறது. நீர் அதற்கு வெளியே வயிற்றுக்குழியில் இருக்கிறது. ஊசி கருப்பையை அணுகுவதில்லை. மெதுவாக இரண்டரை லிட்டர் எடுத்தார்கள். மூச்சு அன்று மாலையே எளிதாயிற்று. சிறுநீரும் கூடியது, ஏனென்றால் வயிற்றின் அழுத்தம் குறைந்ததும் சிறுநீரகத்துக்கு இரத்தம் தாராளமாகப் போகத் தொடங்கியது. நீர் மறுபடியும் ஊறலாம், மறுபடியும் எடுக்க நேரலாம். அதனால் சிகிச்சை தோற்றது என்று ஆகாது. கசிவு தானாக நிற்கும்வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. கர்ப்பம் இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். கர்ப்பம் உள்ளவர்களுக்குச் சில வாரங்கள் ஆகலாம்.

எங்கள் மையம் தொலைவில் இருக்கிறது. அருகில் உள்ள வேறு மருத்துவமனைக்குப் போனால் அவர்களுக்குப் புரியுமா?

அவசர நிலையில் அருகில் உள்ளதற்கே போங்கள். ஆனால் கருத்தரிப்பு சிகிச்சை என்று நீங்கள் சொல்லாவிட்டால், உப்பிய வயிறும் ஸ்கேனில் தெரியும் பெரிய நீர்க்கட்டிகளும் வேறு நோயாகத் தோன்றக்கூடும். வெட்கமோ இரகசியமோ பார்க்காமல் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "கருத்தரிப்பு ஊசி போட்டிருக்கிறேன், இன்ன தேதியில் ட்ரிகர், இத்தனை முட்டை எடுத்தார்கள், கருமாற்றம் நடந்தது அல்லது நடக்கவில்லை." எழுதி வைத்த எடைத் தாளைக் கையில் கொடுங்கள். உங்கள் மையத்தின் எண்ணைக் கொடுத்து, இரு மருத்துவர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அடிவயிற்றை அழுத்திப் பரிசோதிக்க வேண்டாம், சினைப்பைக் கட்டிகளைக் குத்த வேண்டாம் என்பதை எங்கள் மையம் அந்த உரையாடலில் தவறாமல் சொல்லும். பெருத்த சினைப்பை எளிதில் கிழிந்து உள்ளே இரத்தம் கசியும்.

புரோஜெஸ்டிரோன் மருந்தால்தான் உப்புகிறது என்று நினைத்து நிறுத்திவிடலாமா? குழந்தைக்குக் குறை எதுவும் வருமா?

புரோஜெஸ்டிரோன் கொஞ்சம் உப்பலைத் தருவது உண்மைதான், ஆனால் இந்தக் கசிவுக்குக் காரணம் அதுவன்று. கருமாற்றம் நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். கருவைத் தாங்குவதற்கென்று கூடுதலாக ஹெச்சிஜி ஊசி எழுதப்பட்டிருந்தால் மட்டும், அடுத்ததைப் போட்டுக்கொள்ளும் முன் உப்பல் இருப்பதைக் கட்டாயம் தெரிவியுங்கள். அது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுபோல் ஆகும்.

மிகைத்தூண்டலால் பிறவிக் குறைபாடுகள் அதிகரிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறும் குறைமாதப் பிரசவமும் சற்றுக் கூடலாம் என்பதால், பின்னாளில் கர்ப்பத்தைக் கவனிக்கும் மருத்துவரிடமும் இது நடந்ததைச் சொல்லுங்கள்.

வயிறு வடிந்து இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது கழுத்தில் ஒரு பக்கம் வலித்து வீங்குகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்று கருதி அன்றே காட்டுங்கள். தலையணை சரியில்லாமல் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பொதுவாக இரத்த உறைகட்டி காலில்தான் வரும் என்று நாம் அறிந்திருக்கிறோம். மிகைத்தூண்டலில் அது கழுத்து, தோள், கை நாளங்களிலும் வருவது இந்நோயின் தனித்தன்மை. உப்பல் அடங்கி வாரங்கள் கழித்தும், குறிப்பாகக் கர்ப்பம் தொடரும்போது, வரலாம். கழுத்தில் செய்யும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். ஹெப்பாரின் ஊசியை எத்தனை நாள் தொடர வேண்டும் என்று எழுதித் தந்திருந்தார்களோ அத்தனை நாளும் போட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு முறை வந்துவிட்டது. அடுத்த சுழற்சியிலும் இதே பாடுதானா?

வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் சிகிச்சையை மாற்றி அமைக்க வழி இருக்கிறது. முதலாவது, ஊசியின் அளவைக் குறைத்து, முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் ஊசியையும் சேர்த்துப் போடும் ஆன்டகோனிஸ்ட் முறையில் தூண்டுவது. அந்த முறையில்தான் இரண்டாவது மாற்றம் சாத்தியமாகும்: ஹெச்சிஜிக்குப் பதிலாக ஜிஎன்ஆர்ஹெச் அகோனிஸ்ட் ஊசியை ட்ரிகராகப் போடுவது. அது உடலின் சொந்த ஹார்மோனை ஓரிரு நாள் மட்டும் எழுப்பி அடங்கிவிடுகிறது. ஹெச்சிஜிபோல் ஒரு வாரத்துக்கு மேல் நின்று சினைப்பையைக் கிளறுவதில்லை. மூன்றாவது, கருக்கள் அனைத்தையும் உறையவைத்து, சினைப்பை அமைதியான பின்னொரு மாதத்தில் வைப்பது. அந்தச் சுழற்சியில் கர்ப்பமே இல்லை என்பதால் பின்வகைக்கு இடமில்லாமல் போகிறது. கேபர்கோலின் மாத்திரையைச் சில நாட்கள் கொடுப்பதும் உண்டு. அது விஇஜிஎஃப்பின் வேலையை மட்டுப்படுத்துகிறது.

கருவை உறையவைத்தால் வாய்ப்பு வீணாகும் என்று அஞ்சி, உடனே வைத்துவிடுங்கள் என்று மருத்துவரைக் கெஞ்சுபவர்களைப் பார்க்கிறேன். கரு உறைந்த நிலையில் காத்திருக்கும். நான் மேலே சொன்ன பெண்ணுக்கு அன்று கிடைத்த மற்ற கருக்களில் இரண்டை உறையவைத்திருந்தார்கள். இரண்டாவது குழந்தைக்காக வந்தபோது மறுபடியும் ஊசி போட்டுத் தூண்ட வேண்டிய தேவையே வரவில்லை. அவற்றில் ஒன்றை உருக்கி வைத்தார்கள், அந்தச் சுழற்சி முழுவதும் அவருடைய எடை அரை கிலோகூட மாறவில்லை.